ஆர்டர் போன பிறகு ஒரு போன்

"ரேட் கொஞ்சம் ஜாஸ்தி சார், அதான்." ஆர்டரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட பர்ச்சேஸ் மேனேஜர் பெரும்பாலும் முதலில் சொல்லும் காரணம் இதுதான். பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மனஸ்தாபம் இல்லாமல் பேச்சை முடித்துக்கொள்ள இதைவிட வசதியான பதில் கிடையாது. அதை அப்படியே நம்பி அடுத்த கொட்டேஷனில் விலையைக் குறைத்தவர்களில் நானும் ஒருவன்.

அட்டைப்பெட்டி விற்பனையில் இருக்கிறேன். ஒரு மசாலா கம்பெனிக்குப் பெட்டி 42 ரூபாய் என்று கொடுத்திருந்தோம். 40 ரூபாய் சொன்னவருக்கு ஆர்டர் போனது. அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் என் குரலில் வருத்தம் தெரிந்திருக்கும், அவருக்கும் சங்கடம். பத்து நாள் விட்டேன். அதற்குள் அவர் பிஓ போட்டு முடித்திருந்தார். பிறகு வாட்ஸ்அப்பில் இவ்வளவுதான் அனுப்பினேன்:

"வணக்கம் சார். ஆர்டர் முடிவாகிவிட்டது தெரியும், அதை மாற்றச் சொல்லிக் கேட்க வரவில்லை. எங்கள் பக்கம் எதில் குறை என்று தெரிந்தால் திருத்திக்கொள்வோம். இந்த வாரம் பத்து நிமிஷம் பேச முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை."

மறுபடி பேரம் தொடங்குமோ என்ற பயம் போனால்தான் எதிராளி வாய் திறப்பார். அதனால் "ரேட்டைப் பார்த்துப் போட்டுத் தருகிறோம்" என்ற பேச்சே வரக்கூடாது. "ஏன் எங்களுக்குத் தரவில்லை?" என்றும் கேட்கக்கூடாது, அது கணக்குக் கேட்பது போலாகிவிடும். நான் கேட்டது இதுதான்: "எங்கள் ரேட்டும் 40 ரூபாயாக இருந்திருந்தால் எங்களுக்குக் கொடுத்திருப்பீர்களா சார்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. நானும் குறுக்கே பேசவில்லை. "இல்ல சார்" என்றார்.

அந்தக் கம்பெனி ஆள் சாம்பிள் பெட்டிகளோடு நேரே குடோனுக்கு வந்தாராம். மசாலா பாக்கெட்டை நிரப்பி, எட்டு அடுக்கு அடுக்கி, மறுநாள் வரை வைத்துக் காட்டினாராம். அடிப்பெட்டி நசுங்கவில்லை. நாங்களோ சாம்பிளை கூரியரில் அனுப்பினோம், போய்ச் சேர ஆறு நாள். "எங்க குடோன் இன்சார்ஜ் உங்க பெட்டியைப் பாக்கவே இல்ல சார். அவர் சொன்னதுதான் கடைசி."

தாமதத்துக்கு என்னிடம் காரணம் இருந்தது. நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். நாம் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அடுத்த குறையை அவர் சொல்லாமல் விட்டுவிடுவார். "வேற ஏதாவது இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டேன். பிரிண்டிங் செலவு ரேட்டிலேயே சேர்ந்ததா, தனியா என்பது எங்கள் கொட்டேஷனில் புரியவில்லை என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

எல்லோரும் இப்படிப் பேசிவிட மாட்டார்கள். பதில் வராத இடத்தில் நான் நினைவூட்டுவதில்லை, இரண்டாவது மெசேஜ் கெஞ்சலாகத் தெரியும். பழக்கம் ரொம்ப நெருக்கமாக இருந்தால் விற்கப் போனவரை விட்டு, ஆபீசில் வேறொருவர் கூப்பிடுவது நல்லது. முகம் பார்த்துப் பழகியவரிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்லிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் ரேட்டைக் குறைக்கவில்லை. கொட்டேஷன் கேட்டு யார் கூப்பிட்டாலும், பெட்டியை அடுக்கப் போகிறவர் யார், அவரை எப்போது வந்து பார்க்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறேன்.