சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தப் போறீங்களா? எந்தச் சாதனையை முதலில் சொல்லணும்?

பள்ளி ஆண்டு விழா. மணி ஆறைத் தாண்டிவிட்டது. நடனத்துக்கு வேஷம் போட்ட பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒலிபெருக்கி முன்னால் நான், கையில் இரண்டு பக்கத் தாள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த பொறியாளர் அனுப்பிய சுயவிவரம் அது. மொத்தம் 22 விஷயங்கள். பிறந்த ஊரில் ஆரம்பித்து, கடைசியாக அவர் உறுப்பினராக இருக்கும் சங்கம் வரை ஒன்றைக்கூட விடாமல் வாசித்தேன். விட்டால் அவர் வருத்தப்படுவாரோ என்று பயம்.

பத்தாவது வரியிலேயே பின்வரிசையில் பேச்சு கிளம்பிவிட்டது. முன்வரிசையில் ஒரு பாட்டி கொட்டாவி விட்டார். நான் முடித்ததும் அந்தப் பொறியாளர் எழுந்து, “டீச்சர் சொன்னதுல பாதி எனக்கே மறந்துபோச்சு” என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளை எடுத்துத் திரும்பவும் படித்தேன். பதினெட்டாவதாக ஒரு வரி: ‘மலைக் கிராமங்களுக்கு முதன்முறையாக மின் இணைப்பு கொடுத்த குழுவில் பணி’. எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த மலையடிவாரத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் காது கொடுத்துக் கேட்டிருக்கக்கூடிய ஒரே வரியை, யாருமே கேட்காத நேரத்தில் நான் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு, பணி ஓய்வு பெறும்வரை எத்தனையோ அறிமுக அட்டைகள் எழுதிவிட்டேன். அதில் கற்றுக்கொண்டது இதுதான்: சுயவிவரம் என்பது விருந்தினரைப் பற்றியது. அறிமுக அட்டை, விருந்தினருக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடுவே உள்ள தொடர்பைப் பற்றியது.

ஒரே மனிதர், மூன்று வரிசை

எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்க்கலாம். அப்துல் கலாம் ஐயாவின் சாதனைகளை வரிசைப்படுத்தச் சொன்னால், குடியரசுத் தலைவர், பாரத ரத்னா என்றுதான் ஆரம்பிப்போம். பதவியின் உயரப்படி அது சரி.

ஆனால், கேட்பவர்கள் ராமநாதபுரத்துப் பள்ளிப் பிள்ளைகள் என்றால்? ராமேஸ்வரத்தில் செய்தித்தாள் போட்ட சிறுவன், ராமநாதபுரத்தில் தங்கிப் படித்த மாணவன் என்பதுதான் முதல் வரி. பொறியியல் மாணவர்கள் என்றால், 1979-ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் முயற்சி தோற்றதும், 1980-ல் அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து மேலே போனதும் முதலில் வரவேண்டும். கேட்பவர்கள் போலியோவால் கால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் என்றால், ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு, கிலோ கணக்கில் கனத்த கால் தாங்கியைச் சில நூறு கிராமுக்குக் குறைத்த வேலைதான் முதல் வரி. அந்த அம்மாக்களுக்கு அன்று பாரத ரத்னா இரண்டாம்பட்சம்தான்.

மனிதர் ஒருவரே, வாழ்க்கையும் ஒன்றே. எதிரே இருப்பவர்கள் மாறினால், வரிசை மாறுகிறது.

ஒன்பது வரியிலிருந்து ஐந்து வரிக்கு

இனி நானே தயாரித்த ஓர் அட்டையைச் சொல்கிறேன். ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர், கால்நடை பராமரிப்புத் துறையில் துணை இயக்குநராக இருந்த ஒரு பெண் மருத்துவர். அவர் அனுப்பிய சுயவிவரத்தில் இந்த வரிசையில் ஒன்பது விஷயங்கள் இருந்தன: பதவி, சென்னையில் இளநிலைப் பட்டம், முதுநிலைப் பட்டம், கறவை மாடுகளின் மடிவீக்க நோய் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம், 14 ஆய்வுக் கட்டுரைகள், வெளிநாட்டுக் கருத்தரங்கு, சிறந்த மருத்துவர் விருது, மாவட்டத்தில் கோமாரி தடுப்பூசி முகாம்களை நடத்தியது, சங்க உறுப்பினர் பொறுப்புகள்.

முதல் வேலையாக, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டேன். ‘ஆறு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பெண் பிள்ளைகள், மாடும் ஆடும் வளர்க்கும் பெற்றோர், பெண்ணை மேலே படிக்க வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் அதிகம்.’

பிறகு, சுயவிவரத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: ‘இதனால் இவர்களுக்கு என்ன?’ உடனே பதில் வந்தால் இரண்டு டிக். கொஞ்சம் விளக்கினால் புரியும் என்றால் ஒரு டிக். பதிலே வரவில்லை என்றால் ஒன்றும் போடுவதில்லை. தடுப்பூசி முகாமுக்கு இரண்டு டிக். அந்த ஊர் மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுவது எல்லா வீட்டுக்கும் தெரியும். மடிவீக்க நோய் ஆய்வுக்கும் விருதுக்கும் ஒவ்வொரு டிக். வெளிநாட்டுக் கருத்தரங்குக்கும் சங்கப் பொறுப்புகளுக்கும் ஒன்றுமில்லை. பதவிக்கு டிக் தேவையில்லை. அவர் யாராக வந்திருக்கிறார் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பிள்ளைகளுக்கான இரண்டு டிக் வரி மட்டும் அந்தத் தாளில் இல்லை. அதனால் அவருக்கே போன் செய்தேன். “நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க மேடம்?” என்று கேட்டதும் சிரித்துவிட்டார். “கவர்ன்மென்ட் ஸ்கூல்தான் டீச்சர், தமிழ் மீடியம். முதல் வருஷம் சீட்டே கிடைக்கல. அடுத்த வருஷம் திரும்ப அப்ளிகேஷன் போட்டேன்” என்றார். சுயவிவரத்தில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லையே!

அட்டை இப்படி முடிந்தது:

“இன்றைய நம் சிறப்பு விருந்தினர், உங்களைப்போலவே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். கால்நடை மருத்துவம் படிக்க முதல் வருடம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்துச் சேர்ந்தார். இன்று கால்நடை பராமரிப்புத் துறையின் துணை இயக்குநர். நம் வீட்டு மாடுகளுக்குக் கோமாரி தடுப்பூசி முகாம் நடக்கிறதே, அதை நம் பகுதியில் முன்னின்று நடத்துபவர் இவர்தான். மடிவீக்க நோயை ஆராய்ந்து முனைவர் பட்டமும், சிறந்த மருத்துவருக்கான விருதும் பெற்றவர்.” இதற்குப் பிறகு அவருடைய பெயர், வரவேற்பு. அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கான வரி முதலில், பெற்றோருக்கான வரி நடுவில், கௌரவத்துக்கான வரி கடைசியில். நேரம் போதவில்லை என்றால் கடைசி வரியை விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது. வரிசை சரியா என்று பார்க்க இது நல்ல சோதனை. கடைசி வரியை அடித்துப் பாருங்கள். ‘ஐயோ’ என்று மனசு சொன்னால், அந்த வரி இன்னும் மேலே இருக்கவேண்டியது.

இதே மருத்துவர் பால் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்கு வந்தால், நான் மடிவீக்க நோயில்தான் ஆரம்பிப்பேன். மடி வீங்கினால் பால் குறையும், பணம் குறையும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அடுத்து தடுப்பூசி முகாம், பிறகு பதவி. அரசுப் பள்ளி, இரண்டாம் முறை விண்ணப்பம் இரண்டும் அங்கே தேவைப்படாது. கால்நடை மருத்துவர்கள் கூடும் கருத்தரங்கு என்றால், நான் ஒதுக்கிவைத்த 14 கட்டுரைகளும் எழுந்து முன்னால் வந்துவிடும்.

போனில் கேட்கவேண்டியவை

அந்த ஒரு போன், பல சங்கடங்களைத் தவிர்க்கும். பெயரை, முன்னெழுத்தோடு எப்படிச் சொல்லவேண்டும் என்று கேளுங்கள். இப்போது என்ன பதவி என்பதையும் கேளுங்கள். பலரும் பழைய சுயவிவரத்தையே அனுப்புவார்கள். பதவி உயர்ந்திருக்கும், அல்லது ஓய்வு பெற்றிருப்பார்கள்.

முக்கியமான கேள்வி இன்னொன்று: “எதைச் சொல்லவேண்டாம்?” பேச்சோடு பேச்சாக அந்த மருத்துவர், தன் அப்பா ஆடு மேய்த்துத்தான் படிக்க வைத்தார் என்றார். எனக்கு உடனே அதையே முதல் வரியாக வைக்கும் ஆசை வந்துவிட்டது. “சொல்லலாமா மேடம்?” என்றேன். ஒரு நொடி அமைதி. “அதை நானே சொல்லிக்கிறேன் டீச்சர்” என்றார். அட்டையில் எழுதவில்லை. வறுமை, நோய், குடும்பத் துயரம் எல்லாம் எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும், அது அவர்களுடைய சொத்து. அதோடு, அவர்கள் பேசப்போகும் கதையை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், பாவம், அவர்கள் எதைப் பேசுவார்கள்?

விருதுகளில் ஒரு கவனம் வேண்டும். பத்ம விருது, பாரத ரத்னா ஆகியவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாகச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ‘பத்மஸ்ரீ இன்னார்’ என்று எழுதாமல், ‘பத்மஸ்ரீ விருது பெற்றவர்’ என்று தனி வரியாக எழுதுங்கள்.

அட்டை எப்படி இருக்கவேண்டும்?

ஏ4 தாளில் பாதி அளவு, கெட்டி அட்டை. மெல்லிய தாள் மேடைக் காற்றில் படபடக்கும். கை நடுங்குவதையும் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் அடித்தால் எழுத்து அளவு 18 இருக்கட்டும். ஒரு மூச்சில் சொல்ல முடிந்ததை ஒரு வரியாகப் பிரித்து, நடுவில் இடைவெளி விடுங்கள். பெயரைக் கடைசியில் பெரிய எழுத்தில், உச்சரிக்கும்படியே எழுதுங்கள். பதற்றத்தில் முதலில் மறப்பது பெயரைத்தான்!

முதல் நாள் வீட்டில் சத்தமாக வாசித்து, போனில் நேரம் பாருங்கள். என் அனுபவத்தில், நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குள்தான் வரும். ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டலாம். இரண்டைத் தொட்டால், டிக் இல்லாத வரி எதுவோ உள்ளே நுழைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று மட்டும். அரசு விழா என்றால், பதவிப் பெயர்களும் வரவேற்கும் வரிசையும் அலுவலகம் கொடுத்தபடிதான் இருக்கவேண்டும். அதில் கை வைக்காதீர்கள். பதவியைச் சொன்ன பிறகு வரும் வரிகள்தான் உங்கள் கையில்.

அன்று அந்த மருத்துவர் ஒலிபெருக்கியைப் பிடித்ததும், “டீச்சர் ஒண்ணு சொல்லாம விட்டாங்க” என்று ஆரம்பித்து, அப்பாவைப் பற்றிப் பேசினார். பின்வரிசையில் சத்தமே இல்லை. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா என்னிடம் வந்தார். “டீச்சர், ரெண்டாவது வருஷமும் அப்ளிகேஷன் போடலாமா?” என்று கேட்டார். என் அட்டையின் இரண்டாவது வரி அது.