ஆயிரம் பேரில் பதினொருவர்: விகிதாச்சார மாதிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

‘மக்கள்தொகை விகிதப்படியே மாதிரி எடுக்கப்பட்டது’ என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னதும் நாம் நிம்மதி அடைகிறோம். யாரும் விடுபடவில்லை என்பதற்கு அந்த வரி ஓரளவு உறுதி தருகிறது. ஆனால் ஒவ்வொரு பிரிவின் நிலையையும் அந்த ஆய்வால் சொல்ல முடியும் என்பதற்கு அது உறுதி ஆகாது.

கணக்கு எளியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. மாநிலம் முழுவதற்கும் 1,000 பேரை விகிதப்படி எடுத்தால் 200 பேர் பட்டியல் சாதியினர், 11 பேர் பழங்குடியினர், 789 பேர் பிறர். மாநிலத்தின் மொத்த நிலையை அறிய இந்தப் பங்கீடு பொருத்தமானது.

பிரிவுகளை ஒப்பிடும்போதுதான் சிக்கல் எழுகிறது. சமவாய்ப்பு முறையில் தேர்ந்த 1,000 பேரிடம் கிடைக்கும் விழுக்காடு உண்மையிலிருந்து ஏறத்தாழ 3 புள்ளிகள் வரை கூடலாம், குறையலாம். 200 பேரில் அந்தப் பிழை வரம்பு 7 புள்ளிகள். 11 பேரில் ஏறத்தாழ 30 புள்ளிகள். அந்தப் பதினொருவரில் ஒருவரின் பதில் மாறினாலே முடிவு 9 புள்ளிகள் நகர்ந்துவிடும். இதை வைத்து ‘பழங்குடியினருக்கும் பிறருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று ஓர் அறிக்கை எழுதினால், வேறுபாடு இல்லை என்று அது நிறுவிவிடவில்லை. வேறுபாட்டைக் காணும் அளவுக்கு ஆட்களைக் கேட்கவில்லை என்பதே அதன் பொருள்.

இதற்குத் தீர்வு, சிறிய பிரிவிலிருந்து அதன் விகிதத்தைவிடக் கூடுதலானோரைக் கேட்பது. பழங்குடியினர் 200, பட்டியல் சாதியினர் 300, பிறர் 500 என எடுப்பதாகக் கொள்வோம். வீட்டுக்குள் குடிநீர்க் குழாய் இருப்பதாகச் சொன்னோர் முறையே 30, 50, 80 விழுக்காடு என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரையும் அப்படியே கூட்டினால் மாநிலச் சராசரி 61 விழுக்காடு என்று வரும். அது தவறு, சிறிய பிரிவின் பதில்கள் அதில் அளவுக்கு மீறி எண்ணப்பட்டுள்ளன. ஒவ்வொரு விழுக்காட்டையும் அந்தப் பிரிவின் உண்மையான மக்கள்தொகைப் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்போது சரியான விடை ஏறத்தாழ 73.5. கூடுதலாகக் கேட்டதும் நியாயம், இறுதியில் எடையிட்டுச் சரிசெய்வதும் நியாயம். இரண்டில் ஒன்றை விட்டாலும் வாதம் உடையும்.

எந்தப் பங்கை அடிப்படையாகக் கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதே 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரின் பங்கு திருவாரூர் மாவட்டத்தில் சுமார் 34 விழுக்காடு, கன்னியாகுமரியில் சுமார் 4 விழுக்காடு. மாநில விகிதத்தை இரு மாவட்டங்களிலும் அப்படியே பொருத்தினால் இரண்டின் படமும் பிழையாகிவிடும்.

எனவே ஓர் அறிக்கை நம் கைக்கு வரும்போது விழுக்காட்டுக்கு முன் எண்ணிக்கையைத் தேடுவோம். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் கேட்கப்பட்டனர் என்ற அட்டவணை அதில் இல்லையெனில், பிரிவுகளைப் பற்றி அது சொல்லும் எந்த முடிவையும் சான்றாக ஏற்க இயலாது.