அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது?

பிளஸ் 1 தாவரவியலில் ஒளிச்சேர்க்கைக்கும் சுவாசித்தலுக்கும் வரைபடங்கள் உண்டு. ஏதாவது ஓர் அம்புக்குறிக்கு 'X' என்று பெயரிட்டு, "இது எங்கே நடக்கிறது, என்ன உண்டாகிறது?" என்று கேட்பார்கள். பல படிகளைப் பார்த்ததுமே இடம் சொல்லிவிடலாம். நன்றாகப் படித்தவரையும் தடுமாற வைக்கும் படி ஒன்று இருக்கிறது. அதில் பாஸ்போகிளிசரிக் அமிலம் வருகிறது. சுருக்கமாக பிஜிஏ என்பார்கள். மூன்று கார்பன் கொண்ட சிறு மூலக்கூறு.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் மெல்வின் கால்வினும் ஆண்ட்ரூ பென்சனும் பாசிகளுக்குக் கதிரியக்கக் கார்பன் கலந்த கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்தார்கள். சில நொடிகளிலேயே பாசிகளைக் கொதிக்கும் ஆல்கஹாலில் கொன்று, அந்தக் கார்பன் எதில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தேடினார்கள். முதலில் சேர்ந்த இடம் பிஜிஏ. இந்த ஆய்வுகளுக்காக 1961-இல் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸிலும் இதே பிஜிஏ வருகிறது. ஆகவே படத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் "கால்வின் சுழற்சி, ஸ்ட்ரோமா" என்று எழுதிவிடக் கூடாது. அம்பின் திசையைப் பார்க்க வேண்டும்.

இரண்டு பாஸ்பேட் தாங்கிய பிஸ்பாஸ்போகிளிசரிக் அமிலத்திலிருந்து அம்பு கிளம்பி பிஜிஏவில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டை இழக்கிறது. அந்தப் பாஸ்பேட் சேர்ந்து ஏடிபி உண்டாகிறது, அவ்வளவே. இது கிளைக்காலிசிஸ், இடம் சைட்டோபிளாசம். ஒரு குளுக்கோஸுக்கு இந்தப் படி இருமுறை நடப்பதால் இங்கே கிடைப்பது 2 ஏடிபி.

அம்பு பிஜிஏவில் கிளம்பினால் கணக்கு தலைகீழ். ஏடிபி செலவாகி, பாஸ்பேட் மூலக்கூறில் ஏறுகிறது. இது கால்வின் சுழற்சி. இடம் பசுங்கணிகத்தின் ஸ்ட்ரோமா. இங்கே "ஏடிபி உண்டாகிறது" என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அந்த ஏடிபி தைலகாய்டு சவ்வில், ஒளியின் உதவியால் முன்பே தயாராகி வந்தது.

திசை தெளிவாக இல்லையென்றால் பக்கத்துப் படியைப் பாருங்கள். அங்கே என்ஏடிபிஎச் செலவாகி மூன்று கார்பன் சர்க்கரை உண்டானால் அது பசுங்கணிகம். என்ஏடிஎச் உண்டானால் கிளைக்காலிசிஸ்.

பச்சை இலையின் ஒரே செல்லில், பகலில் இந்த இரண்டு திசைகளிலும் வேலை நடக்க முடியும். பசுங்கணிகத்தின் உறை இரண்டையும் பிரித்து வைக்கிறது. ஆனால் வினாவில் வேர் செல் என்று குறிப்பிட்டிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. அங்கே பசுங்கணிகம் கிடையாது, விடை சைட்டோபிளாசம்தான்.