உச்சிகளின் வரிசையும் நிறங்களின் தொகையும்

வல்வெட்டித்துறையிலிருந்து தரைவழியே தெற்கு நோக்கிப் புறப்படும் ஒருவர், ஆனையிறவு வழியாகச் செல்லினும், சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து செல்லினும், கிளிநொச்சி மாவட்டத்தினுள்ளேயே புகுவர். யாழ்ப்பாண மாவட்டத்துக்குத் தரையிலே வேறோர் அயல் மாவட்டம் இல்லை. 1984ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்தினின்று பிரிக்கப்பெற்ற கிளிநொச்சிக்கோ வடமாகாணத்தினுள் மூன்று அயல்கள் உள. அவை யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு என்பன. மன்னாரும் முல்லைத்தீவும் தம்முள் எல்லை தொடுவன. அவை இரண்டும் வவுனியாவையும் தொடுவன. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களைப் பற்றிய இச்சிறு செய்தியையே கருவியாகக் கொண்டு, கணிதத்தில் நிறந்தீட்டல் எனப்படும் துறையின் ஓர் அடிப்படை உண்மையை ஈண்டு விளக்க முயல்வோம்.

தேசப்படத்தில் எல்லை தொடும் மாவட்டங்கள் இரண்டுக்கு ஒரே நிறம் தீட்டலாகாது என்பது விதி. மாவட்டத்தின் வடிவமும் பரப்பும் இங்கு வேண்டப்படுவன அல்ல. எது எதனைத் தொடுகின்றது என்பதே வேண்டப்படுவது. ஆகவே ஒவ்வொரு மாவட்டத்தையும் ஒரு புள்ளியாக இட்டு, எல்லை தொடும் இரு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்துக்கொள்வோம். புள்ளியை உச்சி என்றும், கோட்டை விளிம்பு என்றும், இவ்வாறு பெறும் உருவை வரைபு என்றும் கூறுவர். ஓர் உச்சியில் வந்து கூடும் விளிம்புகளின் எண்ணிக்கை அதன் படி. நமது வரைபில் யாழ்ப்பாணத்தின் படி 1. வவுனியாவின் படி 2. ஏனைய மூன்றும் ஒவ்வொன்றும் 3. வரைபிலுள்ள படிகளுட் பெரியதை Δ என்ற குறியால் வழங்குவர். இங்கு Δ = 3. விதி பிழையாமல் தீட்டுதற்கு இன்றியமையாத மிகக் குறைந்த நிறத்தொகையே வரைபின் நிறவெண். அதனை χ எனக் குறிப்பர்.

இனித் தீட்டும் முறையைக் காண்போம். நிறங்களுக்கு 1, 2, 3 என எண் கொடுத்துவிட்டு, உச்சிகளை யாதானும் ஒரு வரிசையில் எடுத்துக்கொள்க. முறை வந்த உச்சிக்கு, முன்னரே நிறம்பெற்ற அதன் அயல்களிடம் இல்லாத நிறங்களுள் மிகச் சிறிய எண்ணுடையதைக் கொடுக்க. கொடுத்த நிறத்தைப் பின்னர் மாற்றலாகாது. அப்போதைக்கு மலிவானதைக் கைப்பற்றி, மேல்வருவதை எண்ணாது செல்லுதலின் இதற்குப் பேராசை முறை என்று பெயர். பெயர் இகழ்ச்சியாகத் தோன்றினும், முறை எளிது. எத்துணைப் பெரிய வரைபுக்கும் விரைவிற் செய்து முடிக்கலாம்.

மாவட்டங்களை அகரவரிசையில் எடுப்போம். கிளிநொச்சி முதலில் வருகின்றது; அதற்கு 1. அடுத்து மன்னார், அது கிளிநொச்சியைத் தொடுவதால் 2. முல்லைத்தீவு அவ்விரண்டையும் தொடுவதால் 3. யாழ்ப்பாணத்தின் ஒரே அயல் 1 பெற்றுள்ளது. ஆதலின் அதற்கு 2. வவுனியா தொடுவன 2உம் 3உம். ஆகவே அதற்கு 1. மூன்று நிறங்களில் வேலை முடிந்தது. இதனிற் குறைக்கவும் இயலாது. ஏனெனில் கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு என்னும் மூன்றும் ஒன்றையொன்று தொடுவன. எனவே χ = 3.

அதே பட்டியலைக் கடைசியிலிருந்து மேல்நோக்கி வாசிப்போம். வவுனியா 1. யாழ்ப்பாணம் வவுனியாவைத் தொடாமையால் அதற்கும் 1. முல்லைத்தீவு வவுனியாவைத் தொடுவதால் 2. மன்னார் இவ்விரண்டையும் தொடுவதால் 3. இறுதியாகக் கிளிநொச்சிக்கு வருகின்றோம். அதன் அயல்களுள் யாழ்ப்பாணம் 1ஐயும், முல்லைத்தீவு 2ஐயும், மன்னார் 3ஐயும் பிடித்துக்கொண்டன. கிளிநொச்சிக்கு நான்காம் நிறம் ஒன்று வேண்டியதாயிற்று. வரைபு மாறவில்லை; விதி மாறவில்லை; வரிசை மட்டுமே மாறியது.

ஐந்து உச்சிகளை வரிசைப்படுத்தும் வழிகள் 120. யான் ஒரு விடுமுறை நாளில் அத்தனையையும் பகுத்து எண்ணிப் பார்த்தேன். 100 வரிசைகளில் மூன்று நிறங்கள் போதியனவாகின்றன. 20 வரிசைகளில் நான்கு வேண்டும். அந்த இருபதுள் எட்டில் கிளிநொச்சி இறுதியில் நிற்கின்றது, ஆறில் மன்னார், ஆறில் முல்லைத்தீவு. யாழ்ப்பாணமோ வவுனியாவோ இறுதியில் நிற்கும் வரிசை ஒன்றாயினும் நான்காம் நிறத்தைக் கேட்பதில்லை. இதன் காரணத்தைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

நான்குக்கு மேல் ஐந்தாவது நிறம் எந்த வரிசையிலாயினும் வேண்டப்படுமோ எனின், வேண்டப்படாது. ஓர் உச்சிக்கு முறை வரும்போது அதற்குத் தடை செய்யக்கூடியவை அதன் அயல்கள் மட்டுமே. அவை Δ இலும் மிகா. அவை அனைத்தும் வெவ்வேறு நிறம் பெற்றிருப்பினும், Δ + 1 நிறங்களுள் ஒன்று எஞ்சியே இருக்கும். எனவே எவ்வரிசையிலும் பேராசை முறை Δ + 1 நிறங்களைத் தாண்டாது. அதனால் χ ≤ Δ + 1 என்பதும் பெறப்படும். நிறுவல் இவ்வளவே.

இந்த எல்லையை ஒன்று குறைக்கலாகுமா என்ற வினாவுக்கு 1941இல் விடையளித்தவர் ஆர். எல். புரூக்ஸ் என்பவர். கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்றவர். ஒரு சதுரத்தைத் தம்முள் ஒவ்வாத சிறு சதுரங்களாகப் பிரிக்கும் பிரச்சினையில் உழைத்துப் புகழ்பெற்ற நண்பர் நால்வருள் ஒருவர். தொடர்புடைய வரைபு ஒன்றில் χ ≤ Δ என்பதே அவர் தேற்றம். விலக்குகள் இரண்டே: எல்லா உச்சிகளும் ஒன்றையொன்று தொடும் முழு வரைபும், ஒற்றை எண்ணிக்கையான உச்சிகள் கொண்ட வட்டமும். ஐந்து பேர் வட்டமாக நின்று கைகோத்தால் ஒவ்வொருவருக்கும் அயல் இருவரே. ஆயினும் இரண்டு நிறங்கள் போதா, மூன்று வேண்டும்.

இத்தேற்றத்தின் எளிய பாதி நமது வரைபிலேயே விளங்கும். Δ இலும் குறைந்த படியுடைய உச்சி ஒன்றை, வவுனியாவை என்க, இறுதிக்கு ஒதுக்குவோம். ஏனையவற்றை வவுனியாவிலிருந்து தூரமானவை முதலாக வரிசைப்படுத்துவோம்: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், இறுதியில் வவுனியா. இவ்வரிசையில், வவுனியா நீங்கலாக, எந்த மாவட்டத்துக்கு முறை வந்தாலும் வவுனியாப் பக்கமாக உள்ள அதன் அயல் ஒன்று இன்னும் நிறம்பெறாமலே இருக்கும். எனவே நிறம்பெற்ற அயல்கள் இரண்டுக்கு மேற்படா. வவுனியாவின் படியே இரண்டு. ஆகவே எங்கும் மூன்று நிறங்கள் போதும். தீட்டிப் பார்ப்பின் முறையே 1, 2, 1, 3, 2 என வரும். எல்லா உச்சிகளும் ஒரே படியுடையனவாயின் இறுதிக்கு ஒதுக்கத்தக்க சிறுபடி உச்சி கிடைக்காது. தம்முள் தொடாத இரு அயல்களை உடைய ஓர் உச்சியை இறுதியில் வைத்து, அவ்விரு அயல்களையும் முதலில் ஒரே நிறத்தால் தீட்டவேண்டும். அப்பகுதியே நிறுவலில் உழைப்பு வேண்டுவது.

மேலே நாம் ஒத்திவைத்த காரணமும் இதனுள் அடங்கியது. நான்காம் நிறம் பெறும் உச்சிக்கு மூன்று அயல்கள் இருத்தல் வேண்டும். அம்மூன்றும் முன்னரே மூன்று வெவ்வேறு நிறங்களைப் பெற்றிருத்தல் வேண்டும். நமது வரைபில் அவ்வாறு நேரும் வழிகளை ஆராயின், அந்த உச்சி ஏனைய நான்குக்கும் பின்னரே வருதல் வேண்டும் என்று காணலாம்.

நிற்க. புரூக்ஸின் தேற்றம் வரைபைப் பற்றியது. பேராசை முறையைப் பற்றியது அன்று. χ ≤ Δ என்பதால், கையில் வந்த எந்த வரிசையும் Δ நிறங்களில் முடியும் என்று மாணவர் சிலர் மயங்குவர். தலைகீழ் அகரவரிசையில் நாம் கண்ட நான்கு நிறங்களே அம்மயக்கத்தைத் தீர்க்கும்.

மாவட்டங்கள் ஐந்தேயாதலால் இங்கு நட்டம் ஒரு நிறமே. நட்டம் எவ்வளவு பெருகக்கூடும் என்பதைத் தவணைப் பரீட்சையின் நேரசூசி கொண்டு காண்போம். உச்சி ஒவ்வொன்றும் ஒரு பாடம். இரு பாடங்களுக்கும் பொதுவாக ஒரு மாணவனாயினும் தோற்றுவானாயின் அவற்றிடையே ஒரு விளிம்பு. நிறம் ஒவ்வொன்றும் ஒரு பரீட்சை வேளை. வெல்ஷ், பவெல் என்னும் இருவர் 1967இல் வெளியிட்ட கட்டுரையும் இந்நோக்கத்தோடே எழுந்தது. படி மிகுந்த உச்சிகளை முதலில் தீட்டுக என்பது அவர்தம் முறை.

க1 முதல் க10 வரை பத்துப் பாடங்களும், இ1 முதல் இ10 வரை பத்துப் பாடங்களும் உள எனக் கொள்க. ஒரே பகுதிப் பாடங்களுக்குப் பொது மாணவர் இல்லை. க1க்கும் இ1க்கும் இல்லை. க2க்கும் இ2க்கும் இல்லை. இவ்வாறே இணை எண்ணுடையவற்றுக்கு இல்லை. வேறெல்லா க-இ இணைகளுக்கும் பொது மாணவர் உளர். பகுதி ஒன்றுக்கு ஒரு வேளையாக இரண்டு வேளைகளில் இருபது பாடங்களும் முடிந்துவிடும். ஆனால் க1, இ1, க2, இ2 என மாறிமாறி எடுப்போமாயின், முதல் இணை 1ஐப் பெறும்; க2 இ1ஐயும், இ2 க1ஐயும் தொடுவதால் இரண்டாம் இணை 2ஐப் பெறும்; பத்தாம் இணை 10ஐப் பெறும். இரண்டு வேளை வேலைக்குப் பத்து வேளை! ஒவ்வொரு பாடத்தின் படியும் 9. ஆகவே இது Δ + 1 என்னும் எல்லையையே தொட்டுவிட்டது. எல்லாப் படிகளும் சமமாதலின் வெல்ஷ், பவெல் காட்டிய ஒழுங்கும் இங்கு உதவாது. புரூக்ஸின் எல்லையோ 9 என்கின்றது. உண்மை நிறவெண் 2. உயர்ந்த படி ஒன்றைமட்டும் நோக்கி நிறவெண்ணை அளப்பதன் குறை இங்கு வெளிப்படை.

எந்த வரைபுக்கும் χ நிறங்களிலேயே முடியும் வரிசை ஒன்றாயினும் உண்டு என்பது உறுதி. χ நிறங்களில் செவ்வையாகத் தீட்டிய வரைபை எடுத்து, முதல் நிறத்தவற்றை முன்னும், இரண்டாம் நிறத்தவற்றை அடுத்தும், இவ்வாறே ஏனையவற்றையும் நிறுத்துக. ஒரு நிறத்தவை தம்முள் தொடாமையால், பேராசை முறை எவ்வுச்சிக்கும் பழைய எண்ணிலும் பெரிய எண்ணைக் கொடாது. ஆனால் இவ்வரிசையை அமைக்க விடையை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்! மூன்று நிறங்கள் போதுமா என்று அறிவதே எல்லா வரைபுகளுக்கும் பொதுவாக விரைவான வழி காணப்படாத கடினப் பிரச்சினைகளுள் ஒன்று.

எனினும் இந்நிறுவலிலிருந்து நேரசூசி தயாரிப்போர் கைக்கொள்ளத்தக்க உபாயம் ஒன்று கிடைக்கின்றது. கிடைத்த தீட்டலை நிறவாரியாகத் தொகுத்து, தொகுதிகளை எந்த ஒழுங்கில் வைத்து மீண்டும் தீட்டினும் நிறத்தொகை கூடாது, சிலவேளை குறையும். தலைகீழ் வரிசையில் நான்கு நிறம் பெற்ற நமது படத்தை எடுத்து, கடைசித் தொகுதியிலிருந்து தொடங்குக: கிளிநொச்சி 1, மன்னார் 2, முல்லைத்தீவு 3, பின்னர் முதற்றொகுதியாகிய யாழ்ப்பாணமும் வவுனியாவும் முறையே 2, 1. நான்கு மூன்றாகக் குறைந்தது. ஒன்றையொன்று தொடும் மூன்று மாவட்டங்கள் இருத்தலின் இதற்கு மேல் முயல வேண்டியதில்லை என்பதும் தெரிகின்றது. பரீட்சைப் பாடங்களின் உதாரணத்தில் மட்டும் இவ்வுபாயம் பலிக்காது. அங்கு ஒவ்வொரு தொகுதியும் இணை எண்ணுடைய இரு பாடங்களே. தொகுதிகளை எவ்வாறு மாற்றி வைப்பினும் மீண்டும் பத்தே வரும். அதற்குத் தொகுதியை உடைத்து, க வரிசைப் பாடங்களை ஒருங்கே எடுத்தல் வேண்டும்.