வில்லங்கம் 'இல்லை' என்றால் என்ன பொருள்?

செம்பூரில் இருக்கும் நம் சங்கத்து நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றபின் ஊரோடு போய்விடுவது என்று முடிவு செய்து, தாம்பரத்தை அடுத்த புறநகர் ஒன்றில் மாடியுடன் கூடிய தனி வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு பையுடன் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே பத்திர நகல், பட்டா, வீட்டு வரி ரசீது, வில்லங்கச் சான்று.

"எல்லாம் கிளியரா இருக்கு சார். வில்லங்கம் நில். நாளைக்கு அஞ்சு லட்சம் அட்வான்ஸ் அனுப்பறேன். நீங்க ஒரு பார்வை பார்த்துட்டாத் திருப்தி" என்றார்.

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பத்திரங்களைப் புரட்டியே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் இப்படி வருகிறவர்கள் உண்டு. மும்பையில் ஃபிளாட் வாங்கும்போது சொசைட்டியின் ஷேர் சர்டிஃபிகேட்டையும் அதன் சம்மதக் கடிதத்தையும் பார்த்துப் பழகிவிட்டோம். ஊரில் தனி வீடு வாங்கும்போது அப்படிக் கணக்கு வைத்திருக்க யாரும் இல்லை. விற்பவரிடம் நாமே கேட்டாக வேண்டும்.

நண்பர் கொண்டுவந்த வில்லங்கச் சான்று 2005ஆம் ஆண்டிலிருந்து எடுக்கப்பட்டது. வீட்டு மனையை விற்பவரின் தகப்பனார் வாங்கியதோ 1986இல். "ஏன் 2005?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விற்பவர் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறார்.

இந்தச் சான்றைப் பற்றி ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் எந்தச் சர்வே எண்ணை, எந்தக் காலத்துக்குக் கேட்கிறோமோ, அதற்குள் பதிவான பத்திரங்களை மட்டுமே அது சொல்லும். கேள்வி தவறாக இருந்தால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விற்பவரின் கையில் இருக்கும் கிரயப் பத்திரத்தின் தேதிக்கு முன்னாலிருந்து தேடுங்கள். அந்தக் கிரயமே சான்றில் வரவில்லை என்றால், தேடிய எண் தவறு என்று பொருள்.

1985 முதல் தேடச் சொன்னேன். பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்திலேயே பார்க்கலாம். மறுபடியும் 'இல்லை' என்று வந்தது. 1986 கிரயத்தையும் காணோம். காரணம், பட்டாவில் உள்ள புதிய உட்பிரிவு எண்ணைக் கொடுத்திருக்கிறார். பழைய பத்திரத்தில் உட்பிரிவு ஆகாத பழைய எண் இருக்கிறது. அந்தப் பழைய எண்ணையும் மனை எண்ணையும் கொடுத்துத் தேடியதும் 1986 கிரயம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: 1994இல் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த அடமானம். அது தீர்ந்ததற்கான ரசீது பதிவாகவே இல்லை.

உடனே அடுத்த கேள்வி எழுகிறது: ஒரிஜினல் பத்திரம் எங்கே? விற்பவரைத் தொலைபேசியில் அழைத்து நானே கேட்டேன். "அதெல்லாம் அப்பா எப்பவோ கட்டி முடிச்சுட்டாருங்க சார். பத்திரம் பீரோவிலதான் இருக்கும்" என்றார். பீரோவில் இருந்தது ஜெராக்ஸ் பிரதி. மூலப் பத்திரம் சங்கத்தின் அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. மனிதர் ஏமாற்றுக்காரர் அல்லர். தகப்பனார் காலத்துக் காரியம், அவர் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடன் உண்மையிலேயே அடைபட்டிருந்தது. ஆனால் ரசீது பதிவாகாதவரை ஏட்டில் அடமானம் அடமானம்தான்.

இந்த அடமானமாவது பதிவானது. மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்தே கடன் வாங்கச் சட்டத்தில் இடமுண்டு. அதற்குத் தனியாகப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அது தெரியாது. ஆகவேதான் நகலைப் பார்த்து முன்பணம் கொடுக்கலாகாது என்கிறேன். வங்கிகள் இத்தகைய கடன்களைப் பதிவு செய்ய 2011இல் ஏற்பட்ட செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது. கட்டணம் கட்டி எவரும் தேடலாம். ஆனால் தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்று அங்கேயும் வராது.

அடுத்து நான் கேட்டது, "இந்த வீடு உங்களுக்கு எப்படி வந்தது?" தகப்பனார் உயில் எழுதாமல் 2009இல் காலமானார். பட்டா மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. வரி ரசீதும் அப்படியே. நண்பர் அதையே உரிமை என்று எண்ணிவிட்டார். பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. அது ஒருவரை உரிமையாளர் ஆக்கிவிடாது. மரணத்தால் வரும் உரிமை பத்திரம் இல்லாமலே வருவதால் வில்லங்கச் சான்றிலும் அதன் சுவடு இராது. வாரிசுச் சான்றிதழைத்தான் கேட்க வேண்டும்.

அதில் ஐந்து பெயர்கள் இருந்தன: மனைவி, மகன், இரண்டு மகள்கள், இறந்தவரின் தாயார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இவர்கள் ஐவருக்கும் சம பங்கு. சகோதரிகளை எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள். மகனுக்குப் பின்னும் உயிரோடிருந்த தாயாரை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டியும் 2013இல் உயிலின்றிக் காலமாகிவிட்டார். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு மூன்றாகப் பிரிந்தது: உயிரோடிருக்கும் சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆக, வீட்டை விற்க வந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் கொஞ்சமுமே சொந்தம். நண்பர் முழு வீட்டுக்கும் அவரிடம் ஐந்து லட்சம் அனுப்ப இருந்தார்!

இத்தகைய வீட்டில் மற்றவர்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்யலாம். பங்குதாரர் எல்லாரும் விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்திடுவது இன்னும் நேரானது என்பது என் அபிப்பிராயம். வர முடியாதவர் பதிவு செய்த பவர் பத்திரம் கொடுக்கலாம்.

மாடியைப் பற்றியும் கேட்டேன். "வரைபட அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். முத்திரையிட்ட வரைபடத்தை வாங்கி டேப்பால் அளந்து பார்க்க வேண்டும். 1994 வரைபடத்தில் இருந்தது 820 சதுர அடித் தரைத்தளம் மட்டுமே. மாடி 2003இல் அனுமதி இல்லாமல் எழும்பியது. மாடிக்குத் தனி மின் இணைப்பும் வரி ரசீதும் இருந்தன. ஆனால் அவை கட்ட அனுமதி ஆகிவிடா. வங்கியும் அனுமதி பெற்ற பரப்புக்கே மதிப்புப் போடும். நகரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் வந்தால் வாங்கியவர் தலையில்தான் விடியும். மாடிக்கு விலை வைக்காமல், தரைத்தளத்துக்கும் மனைக்கும் மட்டும் பேசுமாறு நண்பரிடம் சொன்னேன். விற்பவர் முதலில் முகம் சுளித்தார்; பிறகு பாதி வழி இறங்கி வந்தார்.

ஐந்து லட்சம் ஐம்பதாயிரம் ஆயிற்று. அடமான ரசீது பதிவாகி, மூலப் பத்திரம் கைக்கு வந்து, எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட்டால் மட்டுமே மீதித் தொகை. ஆறு மாதத்தில் முடியாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தோம். ரசீது பதிவாகிவிட்டது, பத்திரமும் வந்துவிட்டது. சகோதரிகளும் சித்தப்பாவும் சம்மதித்துவிட்டார்கள். அத்தை மட்டும் தம் பங்குக்கு ரொக்கம் கேட்கிறார். அவரைப் பார்த்துப் பேச விற்பவர் கோவைக்குப் போயிருக்கிறார்.