கொரிய மணப்பெண்ணின் நான்கு நிறங்கள்

ஜோசன் காலக் கொரியாவில் (1392–1897) அரண்மனைப் பெண்களுக்கு உரிய உடையைச் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணும் ஒரு நாள் அணியலாம். அது அவளுடைய கல்யாண நாள்.

சிவப்பு: ‘ஹ்வாரோத்’ என்ற பட்டு மேலங்கியின் வெளிப்புறம் சிவப்பு, உட்புறம் நீலம். சிவப்பு யாங், நீலம் யின். இரண்டும் சேர்ந்தால் ஆண், பெண் இணைவு. மேலே தாமரையும் பியோனி மலரும் பூவேலையாக விரியும்.

பச்சை: ‘வொன்சாம்’ என்ற அங்கியின் நிறம் அணிபவரின் தகுதியைச் சொன்னது. அரசிக்குச் சிவப்பு, இளவரசிக்குப் பச்சை. மக்களுக்குக் கல்யாணத்தில் அனுமதிக்கப்பட்டது பச்சைதான்.

பொன்: மரஅச்சில் பசை தடவித் துணியில் ஒற்றி, அதன்மேல் தங்க ரேக்கை அழுத்துவார்கள். பசை படாத இடத்து ரேக்கு தேய்த்தால் உதிர்ந்துவிடும். அரண்மனை வொன்சாமில் இப்படிப் பொன் பதித்தார்கள்.

வெள்ளை: அங்கியின் நீண்ட கைகளின் நுனியில் கைவிரல்களை மறைக்கும் வெள்ளைத் துணி தைக்கப்படும். ஆனால் சாயமிடாத சணல் துணியே முழு உடையானால் பொருள் வேறு: அது கொரியாவில் துக்க உடையாக இருந்தது. பிரிட்டனிலோ 1840இல் விக்டோரியா அரசி வெள்ளைப் பட்டில் மணமுடித்த பிறகு, அந்நிறம் மணப்பெண்ணுக்கே உரியதாகப் பரவியது.

கவனியுங்கள்: ஹ்வாரோத் விலை அதிகம் என்பதால் ஊருக்குப் பொதுவாக ஒன்றை வைத்துப் பல மணப்பெண்கள் மாறி மாறி உடுத்தினார்கள். முகப்பூச்சுக் கறை படியும் கழுத்துப் பட்டையில் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்கள். பழைய அங்கிகளில் அந்தக் காகிதத்தை இன்றும் காணலாம்.