ஐந்து நகரங்கள், பன்னிரண்டு வழிகள்

பல நகரங்களைத் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் விமானப் பயணத்தில், நகரங்களை எந்த வரிசையில் அடுக்கினால் பறக்கும் மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருக்கும் என்ற கேள்வி, கணிதத்தில் பயண விற்பனையாளர் சிக்கல் என்ற பெயரில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. 1954இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு மிகக் குறைந்த சுற்றைக் கண்டறிந்ததோடு, அதைவிடக் குறைந்த சுற்று இருக்கவே முடியாது என்றும் நிறுவினார்கள். ஒரு நல்ல வழியைக் கண்டுபிடிப்பதைவிட, அதனினும் நல்ல வழி இல்லை என்று காட்டுவதே இச்சிக்கலில் கடினமான பகுதி என்பதால், அந்த நிறுவலே அவர்களுடைய பணியின் சிறப்பாகும்.

இதைச் சிறிய அளவில் பார்ப்பதற்கு, சிங்கப்பூரில் புறப்பட்டு பாங்காக், ஹாங்காங், மணிலா, டோக்கியோ ஆகிய நான்கு நகரங்களையும் தலா ஒருமுறை தொட்டு மீண்டும் சிங்கப்பூருக்கே வரும் ஒரு பயணச்சீட்டை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியது, ஒவ்வொரு இரு நகரங்களுக்கும் இடையிலான தூரத்தைக் குறிக்கும் பட்டியல். விமானத்துக்குரிய தூரம் தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து எடுப்பதன்று. பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு அதன் பரப்பில் அமையும் பெருவட்டத்தின் வழியே அளப்பதாகும். அவ்வாறு விமான நிலையங்களுக்கு இடையே கணக்கிட்டுப் பத்துப் பத்தாக முழுமையாக்கினால், சிங்கப்பூரிலிருந்து பாங்காக் 1,420 கிலோமீட்டர், மணிலா 2,380, ஹாங்காங் 2,560, டோக்கியோ 5,360 என்று வரும். பாங்காக்கிலிருந்து ஹாங்காங் 1,690, மணிலா 2,190, டோக்கியோ 4,650. ஹாங்காங்கிலிருந்து மணிலா 1,150, டோக்கியோ 2,960. மணிலாவிலிருந்து டோக்கியோ 3,050.

பெரும்பாலோர் இயல்பாகக் கையாளும் முறை, நிற்கும் நகரத்திலிருந்து இன்னும் பார்க்காதவற்றுள் மிக அருகில் உள்ளதற்குச் செல்வதாகும். அதன்படி சிங்கப்பூரிலிருந்து பாங்காக், அங்கிருந்து ஹாங்காங், அடுத்து மணிலா, கடைசியில் டோக்கியோ என்று வரிசை அமைகிறது. ஒவ்வொரு அடியும் அந்த நிலையில் சிக்கனமானதாகவே தோன்றினாலும், முடிவில் டோக்கியோவிலிருந்து சிங்கப்பூருக்கு 5,360 கிலோமீட்டர் திரும்ப வேண்டியிருப்பதால் மொத்தம் 12,670 ஆகிவிடுகிறது. இம்முறையின் அடிப்படைக் குறை இதுதான்: அருகில் உள்ளவற்றையெல்லாம் முதலில் முடித்துவிட்டுத் தொலைவில் உள்ளதைக் கடைசிக்குத் தள்ளுவதால், அதுவரை சேமித்தது அனைத்தும் திரும்பும் தடத்தில் செலவாகிவிடுகிறது.

இக்குறையைக் கண்டுகொள்ள ஓர் எளிய அடையாளம் உண்டு. மேற்சொன்ன சுற்றை உலக உருண்டையில் வரைந்து பார்த்தால், டோக்கியோ–சிங்கப்பூர் தடம் ஹாங்காங்–மணிலா தடத்தைத் தென்சீனக் கடலின் மேல் குறுக்கே வெட்டுவதைக் காணலாம். முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரியது என்ற விதி உருண்டையின் பரப்பிலும் பொருந்துவதால், தன்னைத் தானே வெட்டும் எந்தச் சுற்றும் மிகக் குறைந்ததாக இருக்க முடியாது. அவ்விரு தடங்களையும் நீக்கி, ஹாங்காங்–டோக்கியோ, மணிலா–சிங்கப்பூர் என்று மாற்றி இணைத்தால், 6,510 கிலோமீட்டருக்குப் பதிலாக 5,340 போதுமானதாகிறது. புதிய வரிசை சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், டோக்கியோ, மணிலா, சிங்கப்பூர். அதன் மொத்தம் 11,500. இரு தடங்களை நீக்கி வேறு இரண்டை இணைத்துப் பார்க்கும் இந்த இரு தட மாற்று முறையை, இனிமேல் எந்த மாற்றமும் தூரத்தைக் குறைக்காது என்ற நிலை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். ஆனால் வெட்டு இல்லாத சுற்றெல்லாம் மிகக் குறைந்ததாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் 11,500தான் மிகக் குறைந்தது என்பதற்கு உறுதி என்ன? ஒரே சுற்றை எதிர்த்திசையில் செல்வதை வேறாகக் கொள்ளாவிட்டால், ஐந்து நகரங்களுக்கு 12 சுற்றுகளே உள்ளன. அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் மற்ற பதினொன்றும் இதைவிட நீளமானவை என்பதும், மிக நீளமானது 15,910 வரை செல்கிறது என்பதும் தெரியவரும். ஆனால் பத்து நகரங்களுக்குச் சுற்றுகள் 1,81,440 ஆகவும், பதினைந்துக்கு 4,300 கோடிக்கும் மேலாகவும் பெருகிவிடுவதால், எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதை நம்பியிருக்க முடியாது. அப்போது கைகொடுப்பது கீழ் எல்லை, அதாவது எந்தச் சுற்றும் இதைவிடக் குறைய முடியாது என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய ஓர் எண்.

டோக்கியோவை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால், எந்தச் சுற்றிலும் அதற்கு வர ஒரு தடமும் போக ஒரு தடமும் வேண்டும். மிகக் குறைந்த இரண்டும் சேர்ந்து 6,010. எஞ்சிய நான்கு நகரங்களும் சுற்றில் மூன்று தடங்களால் தொடர்ச்சியாக இணைந்திருக்கும். நான்கையும் இணைக்க ஆகும் மிகக் குறைந்த தூரம் 1,150, 1,420, 1,690 ஆகியவற்றின் கூடுதலான 4,260. ஆகவே எந்த வரிசையும் 10,270க்குக் கீழே செல்லாது. இந்த அமைப்பில் ஹாங்காங்கில் மூன்று தடங்கள் கூடுவதைக் கவனித்தால், எல்லையை உயர்த்தும் வழியும் புலப்படும். ஹாங்காங்கைத் தொடும் ஒவ்வொரு தடத்துக்கும் 500 கிலோமீட்டரைக் கற்பனைச் சுங்கமாகச் சேர்த்தால், உண்மையான சுற்று எதுவும் அந்நகரை இரு தடங்களால் மட்டுமே தொடும் என்பதால் முடிவில் 1,000ஐக் கழித்துவிடலாம். மீண்டும் அதே கணக்கைச் செய்தால் எல்லை 10,770 ஆகிறது. 1970இல் ஹெல்ட், கார்ப் இருவரும் வளர்த்தெடுத்த இந்த உத்தி, கைவசமுள்ள சுற்று உண்மையான சிறுமத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதை, எல்லாச் சுற்றுகளையும் ஆராயாமலேயே சொல்லிவிடுகிறது.

நடைமுறையில் இக்கணக்கு தவறுவது பெரும்பாலும் தூரப் பட்டியலில்தான். இரு நகரங்களுக்கு இடையே நேரடி விமானம் இல்லையெனில், பட்டியலில் எழுத வேண்டியது பெருவட்டத் தூரமன்று, இடைநிலையத்தின் வழியாக உண்மையில் பறக்கும் தூரமே. மேலும், தூரம் குறைந்தால் கட்டணமும் குறையும் என்று பொதுவாகக் கொள்ள முடியாது; பறக்கும் மைல்களுக்கு வரம்பு வைத்து விற்கப்படும் உலகம் சுற்றும் பயணச்சீட்டுகளில்தான் இக்கணக்கு நேரடியாகப் பணமாகிறது. 29,000, 34,000, 39,000 மைல் என்று படிகள் வகுக்கப்பட்ட அத்தகைய சீட்டில், மேலே கண்ட 1,170 கிலோமீட்டர் வேறுபாடு, அதாவது ஏறத்தாழ 730 மைல், ஒரு பயணத்தை அடுத்த படிக்குத் தள்ளிவிடப் போதுமானது.

பயணம் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டியதில்லை என்றால் விடையே மாறிவிடுகிறது. மற்ற எல்லா நகரங்களிலிருந்தும், தொடங்கும் நகரத்திலிருந்தும் சுழியத் தூரத்தில் இருப்பதாகக் கொள்ளும் ஒரு கற்பனை நகரத்தைப் பட்டியலில் சேர்த்து, தொடங்கும் நகரம் அதற்கு அடுத்தே வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தால், திறந்த பயணத்தையும் மூடிய சுற்றாகவே கணக்கிடலாம். அவ்வாறு சிங்கப்பூரில் தொடங்கி எந்த நகரத்திலும் முடிக்கலாம் என்று கொண்டால், மிகக் குறைந்த வரிசை பாங்காக், ஹாங்காங், மணிலா, டோக்கியோ என்று 7,310 கிலோமீட்டரில் அமைகிறது; சுற்றுப் பயணத்துக்குப் பொருந்தாமல் தள்ளப்பட்ட அதே அருகாமை வரிசைதான் அது.